வலது ஓரத்திலிருந்து படிக்க வேண்டிய பட்டியல்

ஒரு பள்ளியின் கட்டணத் தளம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து ஐந்து முறை தவறான பாஸ்வேர்டு வந்தால் அந்த முகவரியைக் கால் மணி நேரம் முடக்கிவைக்கும் ஏற்பாடு அதில் இருக்கிறது. கூட்டத்தைச் சமாளிக்க, சர்வருக்கு முன்னால் ஒரு ரிவர்ஸ் பிராக்ஸியை வைக்கிறார்கள். மறுநாள் யாரோ ஒருவர் ஐந்து முறை தப்பாக அடிக்க, எல்லாப் பெற்றோருக்கும் கதவு சாத்திக்கொள்கிறது. லாகைத் திறந்தால் வரிக்கு வரி ஒரே முகவரி: 10.0.0.5.

அது பிராக்ஸியின் முகவரி. வருகையாளரின் பிரவுசர் ஏற்படுத்தும் இணைப்பு பிராக்ஸியோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து உள்ளே இருக்கும் சர்வருக்குப் பிராக்ஸி தனியாக வேறோர் இணைப்பைத் திறக்கிறது. அதனால் சர்வரின் கண்ணுக்குத் தெரிவது பிராக்ஸி மட்டும்தான்.

இந்தக் குறையைத் தீர்க்க, கோரிக்கையோடு `X-Forwarded-For` என்ற ஹெட்டரில் வருகையாளரின் முகவரியைப் பிராக்ஸி எழுதி அனுப்பும். ஸ்க்விட் என்ற பிராக்ஸி மென்பொருள் தொடங்கிவைத்த வழக்கம் இது. 2014இல் `Forwarded` என்ற முறையான ஹெட்டர் வரையறுக்கப்பட்ட பிறகும் பழையதுதான் பரவலாகப் புழங்குகிறது.

சிக்கல் இங்கேதான். ஹெட்டர் என்பது வெறும் எழுத்து. வருகையாளரே அதை எழுதி அனுப்பலாம். அடுக்ககத்து வாட்ச்மேனிடம் ஒருவர் ஏற்கெனவே பெயர் எழுதிய சீட்டை நீட்டுகிறார். வாட்ச்மேன் அதைக் கிழிக்காமல், தான் பார்த்தவரின் பெயரைக் கடைசியில் சேர்த்து மேலே அனுப்புகிறார். பல பிராக்ஸிகள் செய்வது இதையேதான். 203.0.113.7 என்ற முகவரியில் இருப்பவர் இப்படி ஒரு கோரிக்கை அனுப்பட்டும்:

```
curl -H "X-Forwarded-For: 198.51.100.99" https://example.com/login
```

சர்வருக்குப் போய்ச் சேருவது இது:

```
X-Forwarded-For: 198.51.100.99, 203.0.113.7
```

இடப்பக்கம் இருப்பது அவர் சொன்னது. வலப்பக்கம் இருப்பது பிராக்ஸி நேரில் கண்டது. இணைப்பின் முகவரியில் இப்படிப் புளுக முடியாது. பிராக்ஸியின் பதில் அந்த முகவரிக்குத்தான் போகும். போன பதிலுக்கு மறுமொழி வராவிட்டால் இணைப்பே உருவாகாது.

ஆனால் "முதலில் இருப்பவர்தான் வருகையாளர்" என்று பட்டியலின் முதல் முகவரியை எடுத்துக்கொள்ளும் நிரல்கள் ஏராளம். அப்படிப்பட்ட தளத்தில், ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு புது முகவரியை எழுதி அனுப்பினால் போதும். ஐந்து முறை என்ற வரம்பு ஒருபோதும் எட்டாது. 127.0.0.1இலிருந்து வந்தால் நிர்வாகப் பக்கத்தைத் திறந்துவிடும் தளம் என்றால், அந்த முகவரியை எழுதியவருக்கும் கதவு திறக்கும்.

எனவே பட்டியலை வலது ஓரத்திலிருந்து படிக்க வேண்டும். நம்முடைய பிராக்ஸிகளின் முகவரிகளைத் தாண்டிக்கொண்டே இடப்பக்கமாக வந்தால், நமக்குச் சொந்தமில்லாத முதல் முகவரி எதுவோ அதுதான் வருகையாளருடையது. அதற்கும் இடப்பக்கத்தில் இருப்பதை ஏறெடுத்துப் பார்க்க வேண்டாம். உள்ளே இருக்கும் சர்வர் என்ஜின்எக்ஸ் என்றால், இதைச் சொல்ல மூன்று வரி போதும்:

```
set_real_ip_from 10.0.0.5;
real_ip_header X-Forwarded-For;
real_ip_recursive on;
```

முதல் வரிதான் உயிர்நாடி. 10.0.0.5இலிருந்து வரும் இணைப்பில் மட்டுமே ஹெட்டரை நம்பு என்கிறது அது. அந்த இடத்தில் `0.0.0.0/0` என்று போட்டால் உலகத்தையே நம்பியதாகிவிடும். வலமிருந்து படித்தும் பயனில்லை. பிராக்ஸிக்கு முன்னால் ஒரு சி.டி.என். சேவையும் இருந்தால், அதன் முகவரி வரம்புகளையும் இதே போலச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் லாகில் சி.டி.என்.னின் முகவரிகளே வருகையாளர்களாக நிற்கும்.

இன்னொரு வழியையும் அடைக்க வேண்டும். உள்ளே இருக்கும் சர்வரை வெளியிலிருந்து நேரடியாகத் தொட முடிந்தால், அங்கே கடைசி முகவரியை எழுதப் பிராக்ஸியே இருக்காது. பட்டியல் முழுவதும் வந்தவர் எழுதியதாகவே இருக்கும். பிராக்ஸி தவிர வேறு எவரும் அந்த சர்வரின் போர்ட்டை அணுகாதபடி ஃபயர்வாலில் தடுத்துவிடுவது நல்லது.

இவ்வளவும் செய்து கிடைக்கும் முகவரி உண்மையானதுதான். ஆனால் அது ஒரே ஆளுக்குரியது என்று சொல்ல முடியாது. மொபைல் நெட்வொர்க்கில் பலர் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அதனால் முகவரியோடு பயனர் கணக்கையும் சேர்த்து எண்ணுவதே நியாயமான வரம்பு.

அமைப்பு சரியா என்று பார்க்க, மேலே உள்ள `curl` கட்டளையை உங்கள் தளத்தின் பெயரோடு இயக்கிவிட்டு சர்வரின் லாகைப் பாருங்கள். உங்கள் சொந்த முகவரி தெரிந்தால் சரி. 10.0.0.5 தெரிந்தால் ஹெட்டரையே யாரும் படிக்கவில்லை. 198.51.100.99 தெரிந்தால், வந்தவர் சொன்னதைத் தளம் அப்படியே நம்புகிறது.