கூரைச் சூரிய மின்சாரமும் மின்னலையின் தூய்மையும்

பெங்களூருவில் 2014ஆம் ஆண்டு முதல், வீட்டுக் கூரைகளில் பெறப்படும் சூரிய மின்சாரம் இன்வெர்ட்டர் வழியாகப் பெஸ்காம் நிறுவனத்தின் கம்பிகளில் சேர்ந்து வருகிறது. நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக்கும் இக்கருவி, 50 சுழற்சி அலையோடு 150, 250 சுழற்சிகளையுடைய ‘ஹார்மோனிக்’ என்னும் கிளை அலைகளையும் சிறிது கலந்துவிடுகிறது. இவற்றால் கணினியும் வானொலியும் கெடுமோ எனப் பலர் ஐயுறுகின்றனர்.

அளவி காட்டும் விகிதமே இவ்வையத்தை வளர்க்கிறது. 5 கிலோவாட் இன்வெர்ட்டர் ஒன்று நண்பகலில் 22 ஆம்பியர் தருகிறது. கலப்பு 3 சதவீதம் எனில் 0.66 ஆம்பியர். காலையில் அது 2.2 ஆம்பியரே தரும்போது கலப்பு 15 சதவீதமாகக் காணலாம். ஆயினும் அது 0.33 ஆம்பியரே. விகிதம் ஐந்து மடங்காயிற்று; கிளை அலையோ பாதியாயிற்று!

பிற சாதனங்களை எட்டுவது மின்னழுத்தத்தின் சிதைவேயாகும். கிளை அலைக்குக் கம்பியின் தடை 1 ஓம் என்று கொண்டால், நண்பகலிலும் சிதைவு 0.66 வோல்ட், அதாவது 230 வோல்ட்டில் 0.3 சதவீதம். ஐ.இ.இ.இ. 519 நெறி வீட்டு மின்னழுத்தத்திற்கு 8 சதவீதம் வரை இடமளிக்கிறது. ஆகவே, பழுதற்ற ஓர் இன்வெர்ட்டரால் கணினிக்குத் தீங்கில்லை. நீண்ட கம்பியொன்றின் கோடியில் பல இன்வெர்ட்டர்கள் கூடிய இடத்திலேயே அளந்தறிதல் வேண்டும்.

மின்விசிறி உறுமினால், இன்வெர்ட்டரைச் சற்று நிறுத்திப் பார்க்க. உறுமல் நீடித்தால், பெரும்பாலும் விசிறியின் மின்னணு ரெகுலேட்டரே அதற்குக் காரணம். அதுவும் அலையை வெட்டும் கருவிதானே!

உண்மையில் மிகுதியாக நேரும் தொல்லை வேறு. கம்பியின் தடை 0.4 ஓம் எனில், 22 ஆம்பியர் மின்னழுத்தத்தை ஏறத்தாழ 9 வோல்ட் உயர்த்தும். முன்பே 246 வோல்ட் உள்ள இடத்தில் அது 253ஐக் கடக்கும். உடனே இன்வெர்ட்டர் தானே விலகிக்கொள்ளும்.