குழந்தையின் முதல் மின்னஞ்சல்: மீட்கும் வழி யார் கையில்?

பத்து வயதுக் குழந்தைக்கு மின்னஞ்சல் முகவரி எதற்கு என்று கேட்ட காலம் போய்விட்டது. ஆன்லைன் வகுப்புக்கும், புதிதாக வாங்கிய டாப்லெட்டைத் திறப்பதற்கும், சதுரங்கப் பயிற்சிக்கும், ஒலிம்பியாட் தேர்வுக்கும் அது கேட்கப்படுகிறது. கேட்கப்படும் அந்த நாளில் அவசரமாக அதை உண்டாக்கிக் கொடுப்பவர் அநேகமாகப் பெற்றோர் அல்லர். செல்போன் கடையில் நிற்கும் இளைஞரோ, விடுமுறைக்கு வந்த உறவுக்காரப் பையனோதான் அந்த உபகாரத்தைச் செய்துவிட்டுப் போகிறார். குழந்தையின் வயதைச் சொன்னால் கூடுதலாகப் பல கேள்விகள் வருகின்றன என்பதால் ஏதோ ஒரு பழைய வருஷத்தைப் பிறந்த வருஷமாகப் பதிந்துவிட்டு, ஓ.டி.பி. வருவதற்குக் கையிலிருந்த போன் நம்பரைக் கொடுத்து, இரண்டு நிமிஷத்தில் காரியத்தை முடித்துவிடுகிறார்கள். அதன் பலன் பல மாதங்களுக்குப் பிறகு, குழந்தை பாஸ்வேர்டை மறந்த அன்றுதான் தெரியவரும். அப்போது கூகுள் தன்னிடம் பதிவாகியிருக்கும் நம்பருக்குத்தான் குறியீட்டை அனுப்பும். அந்த நம்பர் யாருடையது என்பதே வீட்டில் ஒருவருக்கும் நினைவிராது.

ஆகையால் குழந்தையின் கணக்கைப் பற்றி யோசிக்கும்போது முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, அது தொலைந்துபோனால் திரும்பப் பெறும் வழி யார் கையில் இருக்கிறது என்பதே. அந்த வழி எப்போதும் தாயிடமோ தந்தையிடமோ வந்து சேரும்படி அமைப்பதற்குக் கூகுள் நிறுவனமே ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. ஃபேமிலி லிங்க் என்ற பெயரில் 2017-இல் அறிமுகமான அந்த ஏற்பாட்டை, நம் வீடுகளில் பரவலாக உபயோகமாவது ஜிமெயில் என்பதனால், இங்கே சற்று விரிவாகப் பார்ப்போம்.

வயதும் சம்மதமும்

அமெரிக்காவில் 1998-இல் இயற்றப்பட்டு 2000-இல் அமலுக்கு வந்த ஒரு சட்டம், 13 வயது நிரம்பாத குழந்தைகளின் சொந்த விவரங்களைப் பெற்றோர் சம்மதமின்றி இணைய நிறுவனங்கள் திரட்டக் கூடாது என்று விதித்தது. பல நிறுவனங்கள் 13 என்ற எல்லையைக் கைக்கொண்டதற்கு அதுவே மூலகாரணம். நம் நாட்டில் 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 18 வயது நிரம்பாதவர் அனைவரையும் குழந்தைகளாகவே கருதி, அவர்கள் விஷயத்தில் சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் அவசியம் என்கிறது. கூகுளைப் பொறுத்தவரை, 13 வயதுக்குக் குறைந்த குழந்தை தானாகக் கணக்குத் தொடங்க முடியாது. பெற்றோர் தம் கணக்கில் நுழைந்து சம்மதம் கொடுத்துத் தொடங்கி வைக்கலாம். அப்படித் தொடங்கப்பட்ட கணக்கு, தொடங்கிய நாள் முதலே பெற்றோரின் கணக்கோடு பிணைக்கப்பட்டிருக்கும். பிறந்த தேதியை மாற்றிச் சொல்லித் தொடங்கிய கணக்குக்கு இந்தப் பிணைப்பு இல்லை. கூகுளின் கண்ணில் அது வயது வந்த ஒருவரின் கணக்கு. அதற்குப் பெற்றோர் என்று எவரும் கிடையாது.

தாயின் கணக்கிலிருந்து தொடங்குவோம்

திருநெல்வேலியில் தாயும் பத்து வயது மகளும் இருக்கிறார்கள், தந்தை துபாயில் வேலை பார்க்கிறார் என்று ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மகளின் கணக்கைத் திறப்பதற்கு முன்னால் தாய் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: தம்முடைய சொந்தக் கணக்கைச் சோதித்துப் பார்ப்பது. மகளின் பாஸ்வேர்டை மீட்டுக் கொடுக்கும் அதிகாரம் தாயின் கணக்கில் இருக்கப் போகிறது என்றால், தாயின் கணக்கே மீட்க முடியாத நிலையில் இருந்தால் அந்த அதிகாரத்தினால் பிரயோஜனம் இல்லை. வீட்டுச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவைத்தவர்கள், எதிர்வீட்டார் ஊரில் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்வதைப் போன்றதே இது.

myaccount.google.com என்ற முகவரிக்குச் சென்று பாதுகாப்புப் பகுதியைத் திறந்தால், Recovery phone என்றும் Recovery email என்றும் இரண்டு வரிகள் காணப்படும். கல்யாணத்துக்கு முன் வைத்திருந்த நம்பரோ, ரீசார்ஜ் செய்யாமல் விட்டுப்போன இரண்டாவது சிம்மின் நம்பரோ அங்கே இன்னும் குந்தியிருப்பது மிகச் சாதாரணமான விஷயம். துண்டிக்கப்பட்ட செல்போன் நம்பர் குறைந்தபட்சம் 90 நாட்களுக்கு வேறு எவருக்கும் ஒதுக்கப்படுவதில்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அதற்குப் பிறகு அது முன்பின் தெரியாத ஒருவருடைய நம்பராகிவிடலாம்; நமக்கு வர வேண்டிய குறியீடு அப்போது அவருக்குப் போகும். ஆகவே பழைய நம்பரை நீக்கித் தினமும் கையிலிருக்கும் நம்பரைத் தாய் பதிய வேண்டும். துபாய்க்குப் போன தந்தையின் இந்திய சிம்மை இதற்கு நம்பக் கூடாது. அதுவே முதலில் துண்டிக்கப்படக்கூடியது.

மாற்றிய கையோடு பழைய நம்பரின் உரிமை முற்றிலும் தீர்ந்துவிடுவதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். திருடன் ஒருவன் நம்பரை மாற்றிவிட்டால் உண்மையான சொந்தக்காரர் தப்பித்துக்கொள்வதற்காக, மாற்றத்துக்குப் பின் 7 நாட்கள் வரை பழைய நம்பருக்கும் குறியீடு அனுப்பும் வாய்ப்பைக் கூகுள் வைத்திருக்கிறது. எனவே குழந்தையின் கணக்கைத் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே இந்தச் சீரமைப்பை முடித்துவிடுவது நல்லது.

மீட்பு மின்னஞ்சலாகத் தாய் கொடுக்க வேண்டியது தந்தையின் முகவரி. மகளின் முகவரி அன்று. மகளின் கணக்குத் தாயை நம்பியும், தாயின் கணக்கு மகளை நம்பியும் இருந்தால், இரண்டும் ஒரே சமயத்தில் பூட்டிக்கொள்ளும் நாளில் ஒன்றை ஒன்று திறக்க முடியாது. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கியிருந்தால், ஒருமுறை மட்டும் செல்லக்கூடிய 8 இலக்க எண்கள் பத்தைக் கூகுள் தரும். அவற்றைத் தாளில் எழுதி, நிலப் பத்திரமும் ரேஷன் கார்டும் இருக்கும் இடத்தில் வைத்துவிட்டால், போன் தொலைந்த நாளிலும் தாய் தம் கணக்கில் நுழைய முடியும்.

கணக்கைத் தொடங்குதல்

இனி மகளின் கணக்கு. கூகுளின் உள்நுழையும் பக்கத்தில் Create account என்பதை அழுத்தியவுடன் யாருக்காக என்று கேட்கும். For my child என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரையும், உண்மையான பிறந்த தேதியையும் கொடுத்த பின் முகவரியைத் தேர்ந்தெடுக்கும் கட்டம் வரும். பிறந்த வருஷத்தையோ பள்ளியின் பெயரையோ முகவரியில் சேர்க்காமல் இருப்பது உத்தமம். அவை முன்பின் அறியாதவருக்குக் குழந்தையின் அடையாளத்தைச் சொல்லிக் கொடுக்கும். அடுத்து பெற்றோரின் மின்னஞ்சல் கேட்கப்படும். அங்கே தாய் தம் முகவரியைக் கொடுத்து, தம் பாஸ்வேர்டினால் தம்மை நிரூபித்து, வரும் நிபந்தனைகளைப் படித்துச் சம்மதம் தெரிவிக்கிறார். இந்த இடத்தில்தான் பிணைப்பு ஏற்படுகிறது. இதன்பின் மகள் புதிய போனிலோ டாப்லெட்டிலோ தன் கணக்கைச் சேர்க்க முயன்றால், அவளுடைய பாஸ்வேர்ட் மட்டும் போதாது. தாயும் அங்கே தம் சம்மதத்தைத் தெரிவிக்க வேண்டும்.

தாய் குடும்பக் குழுவின் நிர்வாகியாகிறார். ஒரு குழுவில் ஆறு பேர் வரை இருக்கலாம். தந்தையையும் அழைத்து, அவருக்குப் பெற்றோர் என்ற பதவியைக் கொடுத்துவிட்டால், தாய் மருத்துவமனையிலோ பயணத்திலோ இருக்கும் நாளிலும் துபாயிலிருந்தே தந்தை கண்காணிப்பைக் கவனிக்க முடியும். ஆனால் சில அதிகாரங்கள் நிர்வாகிக்கு மட்டுமே உரியவை; அதனால் நிர்வாகியாக இருப்பவர் குழந்தையோடு வசிப்பவராக இருப்பதே சௌகரியம்.

எல்லாம் ஆனபின் ஒரு சோதனை அவசியம். தாய் தம் போனில் ஃபேமிலி லிங்க் செயலியையோ familylink.google.com என்ற பக்கத்தையோ திறந்து, மகளின் பெயரைத் தொட்டு, கணக்கு அமைப்புகளுக்குள் சென்று பாஸ்வேர்டை மாற்றிப் பார்க்கட்டும். பழைய பாஸ்வேர்டைக் கேட்காமலே மாற்ற முடிந்து, புதிய பாஸ்வேர்டைக் கொண்டு மகள் நுழைய முடிந்தால் ஏற்பாடு சரியாக இருக்கிறது. மகளின் பெயரே அங்கே தென்படவில்லை என்றால் கணக்கு பிணைக்கப்படவில்லை. For my child என்ற வழியைத் தவறவிட்டுவிட்டோம் என்று பொருள்.

எங்கே இந்த ஏற்பாடு செல்லாது

பள்ளிக்கூடம் கொடுக்கும் கணக்கு இதற்குள் வராது. அதன் சொந்தக்காரர் பள்ளி. பாஸ்வேர்டை மீட்டுத் தருபவர் பள்ளியின் நிர்வாகி. ஆகவே குழந்தைக்கு மட்டுமே உரிய விஷயங்களைப் பள்ளிக் கணக்கில் வைத்தால், பள்ளி மாறும்போது அவை அனைத்தும் கையை விட்டுப் போகும்.

ஃபேமிலி லிங்க் குழந்தையின் கடிதங்களைப் பெற்றோருக்குக் காட்டுவதில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். செயலிகளை அனுமதிப்பதும், நேரத்தை வரையறுப்பதும், பாஸ்வேர்டை மாற்றுவதும் அதனால் ஆகும். உள்பெட்டியைப் படிப்பது ஆகாது. பாஸ்வேர்ட் தெரிந்த பெற்றோர் நேரே நுழைந்து படிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் மீட்கும் அதிகாரம் வேறு, படிக்கும் அதிகாரம் வேறு. எந்த அதிகாரத்தை எப்போது உபயோகிப்போம் என்று குழந்தையிடம் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுவது, அவள் இன்னொரு கணக்கை ரகசியமாகத் தொடங்க வேண்டிய அவசியம் வராமல் செய்யும்.

பொய்யான பிறந்த தேதியோடு ஏற்கெனவே கணக்கு நடந்துகொண்டிருக்கும் வீடுகளும் பல உண்டு. அவர்கள் முதலில் அந்தக் கணக்கின் மீட்பு நம்பரைத் தம்முடையதாக மாற்றி, Your devices என்ற பட்டியலில் தமக்குத் தெரியாத போன் எதுவும் இருந்தால் வெளியேற்றிவிட வேண்டும். நம்பரை மாற்றி ஒரு வாரம் கழிந்தபின் பிறந்த தேதியைத் திருத்தலாம். திருத்தியவுடன் பெற்றோர் கண்காணிப்பை ஏற்படுத்த 14 நாட்கள் அவகாசம் கிடைக்கும். அதற்குள் செய்யாவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்பதால், திருத்திய அன்றே பிணைப்பையும் முடித்துவிடுவது உசிதம்.

கடைசியாக ஒரு தேதியைக் குறித்துவைக்க வேண்டும்: மகளின் 13-ஆவது பிறந்தநாள். அந்த வயதில் கணக்கைத் தானே நிர்வகிக்கும் உரிமை குறித்து அவளுக்கும் பெற்றோருக்கும் கூகுளிடமிருந்து கடிதம் வரும்; அதுவரை மீட்பைத் தாங்கிவந்த பிணைப்பு அப்போதிலிருந்து தளரத் தொடங்கலாம். அந்த நாளுக்கு முன்னரே தாயும் மகளும் ஒன்றாக உட்கார்ந்து, மகளின் கணக்கில் தாயின் நம்பரை Recovery phone ஆகவும், தந்தையின் முகவரியை Recovery email ஆகவும் பதிந்து, அவை எதற்கு என்று மகளே சொல்லும்படி விளக்கிவிட்டால், கண்காணிப்பு நீங்கிய பின்னும் மீட்பு வழி பெற்றோரிடமே வந்து சேரும். அப்போது அது நிறுவனத்தின் விதியினால் அன்றி, மகளின் சொந்தச் சம்மதத்தினால் நிலைத்திருக்கும்.