மாறும் முகவரிக்கு மாறாத பெயர்: ஒரு நாளுக்கு 288 கோரிக்கைகள்

வீட்டில் ஒரு ராஸ்பெரி பை சர்வராக ஓடுகிறது. குடும்பப் படங்கள் அதில் இருக்கின்றன, வெளியூரிலிருந்தும் பார்க்க வேண்டும். மின்வெட்டுக்குப் பிறகு ரவுட்டர் எழுந்திருக்கும்போது இணைய நிறுவனம் வேறொரு ஐபி முகவரியைத் தந்துவிடலாம். அப்போது பழைய முகவரியைத் தட்டுகிறவருக்குப் பதில் கிடைக்காது. டைனமிக் டிஎன்எஸ் இதற்கான ஏற்பாடு: பெயர் மாறாமல் இருக்கும், அதன் பின்னால் உள்ள எண்ணை வீட்டு சர்வரே அவ்வப்போது திருத்திவிடும்.

செலவுக் கணக்குக்கு முன்னால் ஒரு சோதனை. ஐபிவி4 முகவரிகள் மொத்தமே 429 கோடி. போதாமையால் பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகின்றன. அதற்கென்றே 2012-இல் 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை 41,94,304 எண்கள் ஒதுக்கப்பட்டன. ரவுட்டரின் வான் பக்கத்தில் தெரியும் முகவரி இந்த வரம்புக்குள் இருந்தாலோ, வெளியிலிருந்து பார்க்கும்போது தெரியும் முகவரியோடு அது ஒத்துப்போகாவிட்டாலோ, கீழே சொல்வது ஐபிவி4-இல் பயன்படாது. பெயர் சரியான எண்ணைக் காட்டும். ஆனால் அந்த எண் உங்கள் வீட்டு வாசல் அல்ல. நிறுவனத்திடம் தனிப் பொது முகவரி கேட்க வேண்டும், அல்லது ஐபிவி6 வழியாகப் போக வேண்டும்.

சோதனையில் தேறிவிட்டால் வேலை சிறியது. டக் டிஎன்எஸ் இலவச சேவை. ஒரு கணக்குக்கு 5 பெயர்கள் தருகிறது. பதிவு செய்தால் ஒரு டோக்கன் கிடைக்கும். பையின் கிரானில் ஒரே வரி:

```
*/5 * * * * curl -s "https://www.duckdns.org/update?domains=PEYAR&token=TOKEN&ip=" -o ~/duck.log
```

`ip=` வெறுமையாக இருப்பது வேண்டுமென்றே. கோரிக்கை எந்த முகவரியிலிருந்து வந்ததோ அதையே சேவை பதிந்துகொள்ளும். சரியாக நடந்தால் கோப்பில் `OK` இருக்கும். டோக்கனோ பெயரோ தவறானால் `KO`.

5 நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளுக்கு 288 கோரிக்கைகள், ஆண்டுக்கு 1,05,120. ஒரு கோரிக்கைக்குத் தோராயமாக 6 கிலோபைட் என்று வைத்தால் மாதம் 52 மெகாபைட் ஆகும். மின்சாரம்தான் உண்மையான செலவு. பை சராசரியாக 5 வாட் இழுத்தால் ஆண்டுக்கு 43.8 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்றால் 263 ரூபாய். அதுவும் சர்வருக்கான செலவுதான். டிஎன்எஸ்ஸுக்கென்று தனியாக ஒரு காசும் இல்லை. நிலையான முகவரிக்கு நிறுவனம் கேட்கும் ஆண்டுக் கட்டணத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

காசைவிடக் கவனிக்க வேண்டிய கணக்கு, நிமிடக் கணக்கு. முகவரி 10:02-க்கு மாறுகிறது என்று கொள்வோம். கிரான் 10:05-க்கு ஓடிப் பதிவைத் திருத்துகிறது. ஆனால் அதற்குச் சற்று முன், 10:04:50-க்கு, வெளியூர் இணையத்தின் டிஎன்எஸ் சர்வர் பழைய எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டது. அதை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதைச் சொல்வது டிடிஎல். டக் டிஎன்எஸ்ஸில் அது 60 விநாடி. ஆகவே 10:05:50-க்கு எல்லாம் சரியாகிவிடும். மோசமான நிலையிலும் இடைவெளி 5 + 1 = 6 நிமிடம்.

இதே வேலையைச் சொந்த டொமைனில் செய்யும்போது டிடிஎல் 3600 என்று இருந்தால், அதே பழைய எண் 11:04:50 வரை நிற்கும். அப்போது பலர் கிரானை நிமிடத்துக்கு ஒரு முறை ஓடவிடுகிறார்கள். கோரிக்கைகள் 288-லிருந்து 1,440 ஆகின்றன. மோசமான இடைவெளியோ 65 நிமிடத்திலிருந்து 61-க்குத்தான் இறங்குகிறது. கை வைக்க வேண்டிய இடம் டிடிஎல். அதை 60 ஆக்கினால் 5 நிமிடக் கிரானே போதும். நிமிடத்துக்கு நிமிடம் மாறாத எண்ணையே அனுப்பினால் சில சேவைகள் அதைத் தவறான பயன்பாடாகக் கருதிப் பெயரையே முடக்கிவிடும். அத்தகைய சேவைகளில், எண் மாறியிருந்தால் மட்டும் அனுப்பும் `ddclient` நல்ல தேர்வு.

இணைப்பு கிடைக்காதபோது இரண்டு எண்களை ஒப்பிடுங்கள்: `dig +short PEYAR.duckdns.org` காட்டுவதும் ரவுட்டரின் வான் பக்கம் காட்டுவதும். வேறுபட்டால் குறை கிரானிலோ டோக்கனிலோ இருக்கிறது; `duck.log` சொல்லிவிடும். ஒத்திருந்தும் திறக்கவில்லையென்றால் டிஎன்எஸ் தன் வேலையை முடித்துவிட்டது. ரவுட்டரில் 443 போர்ட், பையின் உள் முகவரிக்குத் திருப்பப்பட்டிருக்கிறதா, அந்த உள் முகவரி மாறாமல் நிலைநிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனையை வீட்டு வைஃபையிலிருந்து செய்யாதீர்கள். உள்ளேயிருந்து தன் வெளி முகவரிக்கே வரும் கோரிக்கையைப் பல ரவுட்டர்கள் திருப்பிவிடுவதில்லை. நன்றாக இயங்கும் சர்வரும் செத்ததுபோல் தெரியும். வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள்.