உப்புக்கல்லுக்குள் ஒரு முடியாத கூட்டல்

ஒரு சிறு கிண்ணத்தில் 58.44 கிராம் உப்பை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள சோடியம் அயனிகளையும் குளோரைடு அயனிகளையும் ஒன்றின் இழுப்பு மற்றொன்றுக்கு எட்டாத தூரத்துக்குப் பிரித்து வைக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? ஏறத்தாழ 787 கிலோஜூல். அந்த ஆற்றலைக் கொண்டு இரண்டரை லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிக்க வைத்துவிடலாம். ரசத்தில் போட்ட உப்பு இந்தச் செலவில்லாமலே கரைகிறதே என்று கேட்கலாம். தண்ணீர் மூலக்கூறுகள் அயனிகளைச் சூழ்ந்துகொள்ளும்போது வெளிப்படும் ஆற்றல் அந்தக் கடனை ஏறக்குறைய முழுவதுமாக அடைத்துவிடுகிறது. தண்ணீர் உதவாத இடத்தில்தான் உப்பின் பிடிவாதம் தெரியும்: அதை உருக்கவே 801 டிகிரி செல்சியஸ் வேண்டும்.

இந்த 787-ஐப் படிகக்கூடு ஆற்றல் என்பார்கள். இதைச் சோதனையில் அளப்பது ஒரு வழி. காகிதத்தில் கணக்குப் போட்டே வரவழைக்க முடியுமா என்பதுதான் முதல் உலகப்போர் முடிகிற சமயத்தில் ஜெர்மானிய இயற்பியலாளர்கள் முன் இருந்த கேள்வி. அதற்கு வேண்டிய சரக்கு 1913-லேயே கிடைத்துவிட்டது. அந்த ஆண்டு இங்கிலாந்தில் பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு உப்புப் படிகத்தின் உள்ளமைப்பைக் கண்டறிந்தார்கள். நீளம், அகலம், உயரம் மூன்று திசையிலும் சோடியம், குளோரைடு, சோடியம், குளோரைடு என்று மாறி மாறி அயனிகள் நிற்கின்றன. அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே தூரம் 2.82 ஆங்ஸ்ட்ராம். ஒரு கோடி ஆங்ஸ்ட்ராம் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர்.

மின்னூட்டம் தெரியும், தூரம் தெரியும், கூலூம் விதியும் தெரியும். பிறகென்ன, கூட்ட வேண்டியதுதானே? அங்கேதான் வில்லங்கம்.

நடுவில் ஒரு சோடியம் அயனியில் நாம் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு சுற்றிப் பார்ப்போம். பக்கத்து அயனிக்கு உள்ள தூரத்தை 1 என்று கொள்வோம். அந்தத் தூரத்தில் 6 குளோரைடுகள் நம்மை இழுக்கின்றன. அடுத்து √2 தூரத்தில் 12 சோடியங்கள் தள்ளுகின்றன. √3 தூரத்தில் 8 குளோரைடுகள், 2 தூரத்தில் 6 சோடியங்கள், √5 தூரத்தில் 24 குளோரைடுகள். இழுப்பைக் கூட்டலாகவும் தள்ளுதலைக் கழித்தலாகவும் எழுதினால் வருவது இது:

6 − 12/√2 + 8/√3 − 6/2 + 24/√5 − 24/√6 + …

இந்தத் தொடர் போய்ச் சேர வேண்டிய எண்ணுக்குத்தான் மாடலுங் மாறிலி என்று பெயர். 1918-இல் எர்வின் மாடலுங் இப்படி ஒழுங்காக அடுக்கிய மின்னூட்டங்களின் புலத்தைக் கணக்கிட ஒரு வழி கண்டார். உப்புக்கு அதன் மதிப்பு 1.7476. தொடரை எழுதியபடியே கூட்டிப் பார்த்தால் இந்த எண் வரும் என்றுதான் எவருக்கும் தோன்றும். கூட்டிப் பாருங்கள். முதல் படியில் 6. இரண்டாம் படியில் −2.49. பிறகு 2.13, −0.87, 9.87, 0.07. சரி, போகப் போக அடங்கும் என்று பொறுத்தாலும் அடங்காது. √13 தூரம் வரை கூட்டினால் 9.82. அடுத்த அடுக்கில், √14 தூரத்தில், ஒரே மூச்சில் 48 சோடியங்கள் வந்து தள்ளுகின்றன; விடை −3.01-க்குச் சரிகிறது.

தூரம் கூடக்கூட ஒவ்வோர் அயனியின் பங்கும் குறைவது உண்மைதான். ஆனால் ஒரே தூரத்தில் நிற்கும் அயனிகளின் எண்ணிக்கை அதற்கு ஈடாகப் பெருகுகிறது. போதாததற்கு, ஒரே தூரத்தில் நிற்பவை எல்லாம் ஒரே இனம்; அந்தக் குழுவில் இழுப்பும் தள்ளுதலும் கலந்திருக்காது. ஆகவே உருண்டை உருண்டையாகப் பெரிதாக்கிக் கூட்டும் இந்த முறை எந்த எண்ணிலும் நிலைகொள்ளாது என்பதை எமர்ஸ்லேபன் 1951-இல் நிறுவினார். இன்றும் பல பாடநூல்கள் இந்தத் தொடரை எழுதி, மூன்று புள்ளி வைத்து, சமக்குறி போட்டு 1.7476 என்று முடித்துவிடுகின்றன. மாணவர் ஒருவர் கால்குலேட்டரை எடுத்து ஐந்து நிமிடம் செலவழித்தாலே அந்தச் சமக்குறி பொய் என்று தெரிந்துவிடும்.

அப்படியானால் இயற்கைக்கு மட்டும் எப்படி ஒரே விடை கிடைக்கிறது? உப்புக்கல் எந்த வரிசையிலும் எண்ணுவதில்லையே.

நாம் வெட்டியெடுத்த உருண்டையின் கணக்கைப் பார்த்தால் குட்டு வெளிப்படும். √13 தூரம் வரை உள்ள அயனிகளின் மின்னூட்டங்களைக் கூட்டினால் மிச்சம் −29. அதாவது, 29 எதிர்மின்னூட்டம் அதிகமாக உள்ள ஓர் உருண்டைக்கு நடுவில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். அப்படியொரு உப்புத்துண்டு உலகில் கிடையாது. விடை 9.82 என்று எகிறியதற்கு இந்த மிச்சம்தான் காரணம். சோதித்துப் பார்க்கலாம்: உருண்டையின் மேற்பரப்பில் +29 மின்னூட்டத்தைச் சீராகத் தடவி மிச்சத்தை நேர்செய்வோம். அதன் தள்ளுதல் 29-ஐ √13-ஆல் வகுத்தால் வருவது, 8.04. கழித்தால் 1.78! அடுத்த படியில் மிச்சம் +19. அதற்கு −19 தடவினால் −3.01 என்பது 2.07 ஆகிறது. உடனே கச்சிதமாக வரவில்லை. ஆனால் பத்துக்கும் மைனஸ் மூன்றுக்கும் இடையே தாவிக்கொண்டிருந்த விடை இப்போது ஒரு குறுகிய இடத்துக்குள் வந்துவிட்டது. 1990-களில் டீட்டர் வுல்ஃப் இந்த எண்ணத்தைத்தான் முறையாக வளர்த்து ஒரு கணக்கீட்டு வழியாக்கினார்.

எந்த வரிசையில் கூட்டுவது என்பது வெறும் கணித வசதி அல்ல என்பதை இது காட்டுகிறது. வரிசையை மாற்றும்போது படிகத்தின் மேற்பரப்பை மாற்றுகிறோம். எங்கே நிறுத்துகிறோமோ அங்கே ஒரு மேற்பரப்பு உருவாகிறது. அதில் மின்னூட்டம் தங்கினால் அது உள்ளே நடுவில் இருப்பவரையும் தொடும்.

இதே உண்மையை வேறு பக்கமிருந்து பிடித்தவர் எவ்ஜன். 1932-இல் அவர் சொன்ன வழியைப் பள்ளி மாணவரும் போட்டுப் பார்க்கலாம். உருண்டைக்குப் பதில் கனசதுரமாக வெட்டுங்கள். வெட்டு விளிம்பில் நிற்கும் அயனிகள் முழுவதும் நமக்குச் சொந்தமில்லை. பக்கத்துக் கனசதுரங்களுக்கும் அவற்றில் பங்குண்டு. முகத்தின் நடுவில் இருப்பது நமக்குப் பாதி, விளிம்பில் இருப்பது கால், மூலையில் இருப்பது எட்டில் ஒன்று. மிகச்சிறிய கனசதுரத்தில் முகங்களில் 6 குளோரைடு, விளிம்புகளில் 12 சோடியம், மூலைகளில் 8 குளோரைடு. பங்குபோட்டால் மின்னூட்டம் 1 − 3 + 3 − 1, பூஜ்யம். மிச்சம் எதுவும் இல்லை. இனி கூட்டல்: 3 − 2.12 + 0.58 = 1.46. ஒரு சுற்று பெரிதாக்கி அடுத்த கனசதுரத்தையும் இதேபோல் போட்டால் 1.752. உண்மை மதிப்பு 1.7476. இரண்டே படியில் கால் சதவீதப் பிழைக்குள் வந்தாயிற்று.

ஆனால் இந்த வழியைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் படிகத்துக்கும் போடக்கூடாது. சீசியம் குளோரைடின் அடுக்கு வேறு மாதிரி. அங்கே எவ்ஜன் முறையை அப்படியே போட்டால் சரியான விடைக்குப் போய்ச் சேராது. எந்த அடுக்குக்கும் நம்பிப் பயன்படுத்தக்கூடிய முறையை எவால்ட் 1921-லேயே தந்துவிட்டார். இன்று கணினியில் நடக்கும் படிகக் கணக்குகள் பெரும்பாலும் அவர் வழியில்தான் ஓடுகின்றன.

மாறிலி கைக்கு வந்துவிட்டது. ஆற்றலுக்கு வருவோம். ஒரு சோடியமும் ஒரு குளோரைடும் மட்டும் தனியாக 2.82 ஆங்ஸ்ட்ராம் தூரத்தில் நின்றால், அப்படிப்பட்ட ஒரு மோல் ஜோடிகளைப் பிரிக்க 493 கிலோஜூல் வேண்டும். படிகத்துக்குள் அதே ஜோடியைச் சுற்றி எண்ணற்ற அயனிகள் இருப்பதால் இது 1.7476 மடங்காகி 861 ஆகிறது. இந்த மாறிலிக்கு இருக்கும் வேலை இவ்வளவுதான்: ஒற்றை ஜோடியின் கணக்கை முழுப் படிகத்தின் கணக்காகப் பெருக்கித் தருவது. ஆவி நிலையில் தனித்து அலையும் ஒரு உப்பு மூலக்கூறில் அயனிகள் 2.36 ஆங்ஸ்ட்ராமுக்கு நெருங்கி நிற்கின்றன. படிகத்தில் விலகியே நிற்கின்றன. விலகி நின்றும் பிடிப்பு அதிகம், காரணம் கூட்டத்தின் இழுப்பு.

861 என்பது 787-ஐவிடக் கூடுதல். அயனிகள் வெறும் புள்ளிகள் அல்ல. நெருங்கினால் அவற்றின் எலக்ட்ரான் மேகங்கள் ஒன்றையொன்று முட்டித் தள்ளும். மாக்ஸ் பார்னும் ஆல்ஃபிரெட் லாண்டேயும் 1918-இல் இதற்கொரு திருத்தம் சேர்த்தார்கள். உப்புக்கு அது எட்டில் ஒரு பங்கைக் கழிப்பது. கழித்தால் 753. சோதனை மதிப்புக்கு நான்கு சதவீதம் குறைவு. வெறும் தூரத்தையும் அடுக்கையும் மட்டும் வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இவ்வளவு அருகில் வருவது எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

இந்த மாறிலி பொருளைப் பார்ப்பதில்லை, அடுக்கை மட்டும் பார்க்கிறது. அதனால் உப்பின் அதே அடுக்கில் அமைந்த மெக்னீசியம் ஆக்ஸைடுக்கும் 1.7476-தான். அங்கே இரு பக்கமும் மின்னூட்டம் இரட்டிப்பு, அதாவது இழுப்பு நான்கு மடங்கு, தூரமும் 2.11 ஆங்ஸ்ட்ராம்தான். ஆகவே படிகக்கூடு ஆற்றல் உப்பைப்போல் ஐந்து மடங்கை நெருங்குகிறது. இரும்பு உருக்கும் உலைகளின் உட்சுவர்க் கற்களுக்கு அதைப் பயன்படுத்துவது இதனால்தான். அது உருக 2,800 டிகிரிக்கு மேல் வேண்டும்.

அதே அடுக்கில் உள்ள சில்வர் குளோரைடில்தான் கணக்கு சுவாரசியமாகத் தவறுகிறது. தூரம் 2.77 ஆங்ஸ்ட்ராம், மாறிலியால் பெருக்கினால் 875 கிலோஜூல் சொச்சம். எலக்ட்ரான் மேகங்களின் தள்ளுதலைக் கழித்தால் இன்னும் இறங்க வேண்டும். சோதனை தருவதோ ஏறத்தாழ 915. கழிப்பதற்கு முந்தைய மதிப்பையே தாண்டிவிட்டது. மின்னூட்டங்களின் இழுப்பு மட்டும் அந்தப் படிகத்தைப் பிடித்திருக்கவில்லை. வெள்ளியும் குளோரினும் எலக்ட்ரான்களைக் கொஞ்சம் பங்குபோட்டுக்கொள்ளவும் செய்கின்றன. உப்பு தண்ணீரில் கரைய, சில்வர் குளோரைடு சோதனைக் குழாயில் வெண்ணிற வீழ்படிவாக அடியில் தங்குவதில் இந்தக் கூடுதல் பிடிப்புக்கும் பங்குண்டு.