கண்ணாடிப் பளபளப்பு போதாது

செம்புத் துண்டு ஒன்றை வைரப் பசையால் கண்ணாடிபோல மெருகேற்றி, எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் 70 டிகிரி சாய்த்து வைக்கிறோம். திரையில் தெளிவாகத் தெரிய வேண்டிய கிகுச்சிப் பட்டைகள் மங்கிக் கிடக்கின்றன. சிதறித் திரும்பும் எலக்ட்ரான்கள் மேலே உள்ள சில பத்து நானோமீட்டரிலிருந்துதான் செய்தி கொண்டுவருகின்றன. தேய்த்தபோது நசுங்கிய படலமோ அதைவிடத் தடிமன். அதைக் கூழ்ம சிலிக்காவில், அதிர்வுக் கருவியில், மணிக்கணக்கில் மெல்லக் கரைத்தெடுக்க வேண்டும்.

பிறகு கணினி ஒவ்வொரு புள்ளியிலும் படிகம் திரும்பியிருக்கும் திசையைக் கணித்து நிறம் தீட்டும். அடுத்தடுத்த புள்ளிகளின் திசை 15 டிகிரிக்கு மேல் மாறினால் அங்கே வேறு படிகம் தொடங்குகிறது என்று கொள்வது வழக்கம். ஓரிரு டிகிரி விலகல், படிக எல்லைகளையும் தாண்டி நேர்கோடாக ஓடினால் அதை உலோகத்தின் இயல்பென்று நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் அது பழைய கீறலின் தடம், மீண்டும் மெருகேற்றுங்கள்.