‘மூணு நாளா காய்ச்சல்’ - டாக்டரிடம் சொல்லும்போது சின்ஸா, ஃபாரா? விடை தமிழிலேயே இருக்கிறது!

“டாக்டர், பையனுக்கு மூணு நாளா காய்ச்சல்.”

தமிழில் இதைச் சொல்ல யாரும் ஒரு நொடிகூட யோசிப்பதில்லை. தமிழ் தெரியாத டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொல்லும்போதுதான் தடுமாற்றம் வருகிறது. பலரும் சொல்வது இப்படி: “ஹி இஸ் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ்.” நம் ஊர் டாக்டர்களுக்கு இது புரிந்துவிடும். ஆனால், இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. இரண்டையும் சரிசெய்யத் தேவையான குறிப்பு நம் தமிழிலேயே ஒளிந்திருக்கிறது.

‘நாளா’ என்றால் ஃபார்... ‘லேர்ந்து’ என்றால் சின்ஸ்!

“மூணு நாளா காய்ச்சல்”, “திங்கட்கிழமையிலேர்ந்து காய்ச்சல்” - இந்த இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முதலாவது, எவ்வளவு காலம் என்ற அளவைச் சொல்கிறது. இரண்டாவது, எப்போது தொடங்கியது என்ற புள்ளியைச் சொல்கிறது. “திங்கட்கிழமையா காய்ச்சல்” என்று நாம் சொல்வதே இல்லை. அந்த வித்தியாசம் நமக்குச் சிறு வயதிலேயே பழகிவிட்டது.

ஆங்கிலமும் இதே கணக்கைத்தான் பார்க்கிறது. மூணு நாளா, ரெண்டு வாரமா, ஒரு மாசமா, ரொம்ப நாளா என்று ‘ஆ’வில் முடிந்தால் ஃபார். நேத்திலேர்ந்து, காலையிலேர்ந்து, 5-ம் தேதியிலேர்ந்து என்று ‘லேர்ந்து’ வந்தால் சின்ஸ். “ஊர்லேர்ந்து வந்ததிலேர்ந்து இருமல்” என்று ஒரு நிகழ்ச்சியைத் தொடக்கமாகச் சொன்னாலும் சின்ஸ்தான்.

அதனால் வாயில் வரும் ஆங்கிலத்தைச் சரிபார்க்க, அதே விஷயத்தை மனதுக்குள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தால் போதும்.

காலை வாரும் ‘கடந்த’

பேச்சில் தப்பிப்பவர்களும் எழுதும்போது மாட்டிக்கொள்வது ‘கடந்த’ என்ற சொல்லில்தான். “கடந்த மூன்று நாட்களாக” என்பதை “சின்ஸ் பாஸ்ட் த்ரீ டேஸ்” என்று எழுதிவிடுகிறார்கள். இங்கேயும் முடிவில் இருப்பது ‘நாட்களாக’. எனவே, “ஃபார் த பாஸ்ட் த்ரீ டேஸ்” என்பதே சரி.

“போன வாரத்திலேர்ந்து” என்றால் “சின்ஸ் லாஸ்ட் வீக்”. “ஒரு வாரமா” என்றால் “ஃபார் எ வீக்”.

‘லேர்ந்து’ என்றதும் சிலருக்கு ஃப்ரம் என்ற சொல் நினைவுக்கு வரும். “சென்னையிலேர்ந்து வர்றேன்” என்று இடத்தைச் சொல்லும்போது ஃப்ரம் சரி. இன்னும் தீராத பிரச்னை எப்போது தொடங்கியது என்று சொல்ல சின்ஸ்தான் வேண்டும்.

இஸ் இல்லை... ஹேஸ்!

இரண்டாவது பிழை வினைச்சொல்லில் இருக்கிறது. “மூணு நாளா காய்ச்சல் இருக்கு” என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்கிறோம். அந்தப் பழக்கத்தில்தான் ‘ஹி இஸ் ஹேவிங்’ என்று வந்துவிடுகிறது. அன்று தொடங்கி இன்றுவரை தொடரும் பிரச்னைக்கு ஆங்கிலம் பயன்படுத்துவது பிரசென்ட் பெர்ஃபெக்ட் டென்ஸ். ஆகவே, “ஹி ஹேஸ் ஹேட் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்.” வாந்தி, இருமல் போலத் திரும்பத் திரும்ப நடப்பதாக இருந்தால், “ஹி ஹேஸ் பீன் வாமிட்டிங்”, “ஹி ஹேஸ் பீன் காஃபிங்” என்று வரும்.

இதில் ‘ஹேஸ்’ விழுந்துவிட்டால் அர்த்தமே மாறிவிடும். “ஹி ஹேட் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்” என்றால், மூன்று நாள் காய்ச்சல் இருந்தது, இப்போது விட்டுவிட்டது என்று பொருள். டெங்கு போன்ற காய்ச்சலில் இது சின்ன வித்தியாசம் இல்லை. டெங்குவில் காய்ச்சல் தணியும் கட்டத்தில்தான் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ரத்தக்கசிவு போன்ற அபாய அறிகுறிகள் இருக்கின்றனவா என்று டாக்டர்கள் கூர்ந்து கவனிப்பார்கள். காய்ச்சல் இன்னும் இருக்கிறதா, விட்டுவிட்டதா என்பது அவர்களுக்கு முக்கியமான தகவல்.

திங்கள் இரவு முதல் வியாழன் காலை வரை

ஓர் உதாரணம் பார்ப்போம். சென்னையிலிருந்து டெல்லிக்கு மாற்றலாகிப்போன ஒரு குடும்பம். எட்டு வயதுப் பையனுக்கு திங்கட்கிழமை இரவு 9 மணிக்குக் காய்ச்சல் தொடங்குகிறது. வியாழக்கிழமை காலை 9 மணிக்கு அம்மா டாக்டரிடம் அழைத்துப் போகிறார். இது எத்தனை நாள் காய்ச்சல்?

திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று விரல்விட்டு எண்ணினால் நாலு நாள். மணிக்கணக்கில் பார்த்தால் 60 மணி நேரம், அதாவது இரண்டரை நாள். அப்பா “ஃபார் த்ரீ டேஸ்” என்பார், பாட்டி “நாலு நாளாச்சு” என்பார். இரண்டுமே பொய் இல்லை. ஆனால், எந்த ரத்தப் பரிசோதனை எடுப்பது என்பது காய்ச்சலின் நாள் கணக்கைப் பொறுத்தது. டெங்குவில் என்.எஸ்.1 பரிசோதனை ஆரம்ப நாட்களில் பயன்படும். ஐ.ஜி.எம். பரிசோதனையில் பொதுவாகச் சுமார் ஐந்தாம் நாளுக்குப் பிறகே தெளிவாகத் தெரியும்.

இங்கே சின்ஸ் கைகொடுக்கும். “ஹி ஹேஸ் ஹேட் ஃபீவர் சின்ஸ் மண்டே நைட்” என்று அம்மா சொல்லிவிட்டால், கணக்கை டாக்டரே போட்டுக்கொள்வார். அதோடு, “காலையிலேர்ந்து எதுவும் சாப்பிடல” என்பதற்கு “ஹி ஹேஸன்ட் ஈட்டன் எனிதிங் சின்ஸ் மார்னிங்” என்று சேர்த்துக்கொள்ளலாம்.

போனில் பேசும்போது கூடுதல் கவனம்

இரவு 8 மணிக்கு டாக்டருக்கு போன் செய்து, மூன்று மணி நேரமாக வாந்தி என்பதை “சின்ஸ் த்ரீ அவர்ஸ்” என்று சொல்கிறீர்கள். சிக்னல் சரியில்லாமல் ‘அவர்ஸ்’ விழுங்கப்பட்டால், எதிர்முனையில் கேட்பது “சின்ஸ் த்ரீ”. அதற்கு மதியம் 3 மணியிலிருந்து என்று அர்த்தம். மூன்று மணி நேர வாந்தி, ஐந்து மணி நேரமாகிவிடும். குழந்தையின் உடலில் நீர்ச்சத்து எவ்வளவு குறைந்திருக்கும் என்ற கணிப்பும் மாறும். “ஃபார் த்ரீ” என்று சொல்லியிருந்தால், பாதி கேட்டாலும் அது ஓர் அளவு என்பது புரிந்துவிடும்.

எதை எப்போது சொல்வது?

தொடங்கிய நாள், நேரம் நினைவிருந்தால் சின்ஸ் நல்லது. என்று தொடங்கியது என்றே தெரியாமல் மெள்ள வந்த பிரச்னைக்கு ஃபார் சரி. இருமல் அப்படிப்பட்டது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்வது நம் நாட்டின் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் வழிமுறை. அங்கே டாக்டர் தேடுவது தேதியை அல்ல, அளவை. “ஐ ஹேவ் பீன் காஃபிங் ஃபார் மோர் தேன் டூ வீக்ஸ்” என்றால் போதும்.

டாக்டரின் கேள்வியிலேயே குறிப்பு இருக்கும். “சின்ஸ் வென்?” என்று கேட்டால், எப்போதிலிருந்து என்று அர்த்தம். கிழமையோ தேதியோ சொல்லுங்கள். “ஃபார் ஹவ் லாங்?” அல்லது “ஹவ் லாங்?” என்று கேட்டால், எவ்வளவு நாளாக என்று அர்த்தம். நாளையோ வாரத்தையோ எண்ணிச் சொல்லுங்கள்.

பதற்றத்தில் வார்த்தை வராது என்று தோன்றினால், வீட்டிலிருந்து கிளம்பும் முன் காய்ச்சல் தொடங்கிய கிழமையையும் மணியையும் மொபைலில் குறித்துக்கொள்ளுங்கள். சின்ஸ் சொல்லி அதை அப்படியே படித்தால் போதும்.