இறக்கத்தில் ஏறும் சார்ஜ்

மின்சாரக் கார் மலைச்சாலையில் இறங்கும்போது பேட்டரியில் சார்ஜ் ஏறும். எந்த வழியில் போனால் சார்ஜ் குறைவாகச் செலவாகும் என்று கணக்கிடுகையில், அந்த இறக்கச் சாலைக்கு எதிர்மறை எண்ணைத்தான் எழுத வேண்டும். டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட புகழ்பெற்ற முறை இங்கே சறுக்கிவிடும்.

அ, ஆ, இ, ஈ என்று நான்கு ஊர்கள். எல்லாம் ஒருவழிச் சாலைகள். அ-விலிருந்து ஆ-வுக்கு 2 யூனிட், அ-விலிருந்து இ-க்கு 5, இ-யிலிருந்து ஆ-வுக்கு இறக்கம் −4, ஆ-விலிருந்து ஈ-க்கு 3, ஈ-யிலிருந்து இ-க்கு ஏற்றம் 2. புறப்படும் இடம் அ. டைக்ஸ்ட்ரா முறை அருகிலுள்ள ஆ-வை முதலில் எடுத்து, 2 என்று முடிவு கட்டிவிடும். இ வழியாகச் சுற்றி வந்தால் 5 − 4 = 1 என்பது பிறகுதான் தெரியும்; அதற்குள் ஆ-வின் கணக்கு மூடப்பட்டிருக்கும்.

1950-களில் ஃபோர்டும் பெல்மனும் தனித்தனியே எழுதிய முறை எந்த ஊரின் கணக்கையும் அவசரப்பட்டு மூடுவதில்லை. அ-வுக்கு 0, மற்றவற்றுக்கு முடிவிலி என்று தொடங்கி, எல்லாச் சாலைகளையும் வரிசையாகப் பார்க்கும். ஒரு சாலை வழியாக வந்தால் செலவு குறையுமானால், அந்த ஊரின் எண்ணைக் குறைத்து எழுதும். இதற்குத் தளர்த்தல் என்று பெயர்.

வேண்டுமென்றே மோசமான வரிசை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: ஆ→ஈ, இ→ஆ, அ→இ, அ→ஆ, ஈ→இ. முதல் சுற்றில் இ 5, ஆ 2. இரண்டாவதில் ஈ 5, ஆ 1. மூன்றாவதில் ஈ 4. நான்காவதில் எதுவும் மாறாது. நான்கு ஊர்களுக்கு மூன்று சுற்று போதும். ஏனென்றால் ஓர் ஊரை இருமுறை தொடாத பாதையில் அதிகபட்சம் மூன்று சாலைகளே இருக்க முடியும். சாலைகள் எந்த வரிசையில் இருந்தாலும், ஒவ்வொரு சுற்றிலும் சரியான பாதையின் அடுத்த சாலை ஒன்றாவது உறுதியாகிவிடும்.

ஈ→இ ஏற்றத்தை 2 என்பதற்குப் பதிலாக −2 என்று யாரோ பதிந்துவிட்டதாகக் கொள்வோம். இ→ஆ→ஈ→இ என்று ஒருமுறை சுற்றினால் −4 + 3 − 2 = −3. சுற்றச் சுற்ற பேட்டரி நிரம்பும். இயற்பியல் ஒப்பாத அதிசயம். இப்போது மூன்றாம் சுற்று முடிவில் ஆ −1, இ 2, ஈ 4. நான்காவதில் அவை −2, 0, 2 என்று இறங்குகின்றன. நிற்க வேண்டிய சுற்றில் ஓர் எண் குறைந்தாலே எதிர்மறைச் சுற்று இருப்பது உறுதி. குறைந்தபட்சச் செலவு என்ற கேள்விக்கே அங்கே பொருளில்லை.

சுற்று எங்கே என்று பிடிக்க, எண்ணைக் குறைக்கும்போதெல்லாம் எந்த ஊர் வழியாகக் குறைந்தது என்றும் குறித்துவர வேண்டும். நான்காம் சுற்றில் மாறிய ஓர் ஊரிலிருந்து அந்தக் குறிப்பைப் பின்பற்றி நான்கு அடி பின்னோக்கிப் போனால், நிற்கும் இடம் சுற்றுக்குள்தான் இருக்கும். அங்கிருந்து அதே ஊருக்குத் திரும்பும்வரை நடந்தால் தவறான சாலையும் நடுவில் அகப்படும்.

நிரல் எழுதுவோர் வழக்கமாக இடறும் இடம் ஒன்று உண்டு. முடிவிலிக்குப் பதில் 1000000000 போன்ற பெரிய எண்ணை வைத்தால், அதிலிருந்து 4 கழித்தது குறைவாகத் தெரியும். போகவே முடியாத ஊருக்கும் வழி கிடைத்ததாகக் கணக்கு காட்டும். ஆகவே இன்னும் எட்டப்படாத ஊரிலிருந்து கிளம்பும் சாலையைத் தொடாமல் விட வேண்டும். இதனாலேயே, அ-விலிருந்து எட்ட முடியாத எதிர்மறைச் சுற்று இந்தக் கணக்கில் அகப்படாது. அதையும் பிடிக்க வேண்டுமானால், எல்லா ஊர்களையும் 0 என்று தொடங்கினால் போதும்.